மினுக்குகிற டியூப்லைட்: ஸ்டார்ட்டர் மாற்றுவதா, பழைய செட்டில் எல்.இ.டி. டியூப் போடுவதா, பேட்டனே போடுவதா?

டியூப்லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தால் யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகுவார், அதுவும் சரியாகிவிடும், இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் பேச்சு வரும்: "பேசாம எல்.இ.டி. போட்டுடலாமே." போடலாம், நானும் கடைசியில் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் மினுக்கலுக்குக் காரணம் டியூப்லைட் செட்டுக்குள் இருக்கிறதா, அதற்கு வருகிற வயரில் இருக்கிறதா என்று பார்க்காமல், ஃப்ரேமும் விளக்கும் ஒன்றாகவே வருகிற எல்.இ.டி. பேட்டன் வாங்கிவந்து மாட்டினால், புது விளக்கும் மினுக்கும், அப்போது கடைக்காரரோடு சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

மினுக்கலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுவிட்ச் போட்டதும் இரண்டு முனையும் சிவந்து, பளிச் பளிச் என்று முயற்சி செய்து, பிடிக்காமல் தவிப்பது. இன்னொன்று, நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருக்கும்போதே நடுங்குவது, அல்லது பொட்டென்று அணைந்து தானே திரும்ப வருவது. முதல் வகை பெரும்பாலும் ஸ்டார்ட்டர், இல்லையென்றால் ஆயுள் முடிந்த டியூப், இல்லையென்றால் குறைந்த வோல்டேஜ். இரண்டாவது வகைக்கு ஸ்டார்ட்டரைக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் டியூப் எரிந்த பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை. அதற்குள் இருக்கிற சின்னக் கண்ணாடிக் குமிழில் ஓர் இரட்டை உலோகத் தகடு இருக்கிறது. அது சூட்டில் வளைந்து ஒட்டும்போது டியூபின் இரண்டு முனை இழைகளும் சூடாகும். ஆறிப் பிரியும்போது, ஃப்ரேமுக்குள் இருக்கிற சோக்கு என்கிற கம்பிச் சுருள் ஒரு கணம் வோல்டேஜை ஏற்றி ஒரு உதை உதைக்கும், அந்த உதையில் டியூப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஸ்டார்ட்டர் தூங்கப் போய்விடும். அதனால்தான் எரிகிற டியூபிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: மரஸ்டூலில் நின்று, தகர ஃப்ரேமில் கை படாமல், பிளாஸ்டிக் தலையை மட்டும் பிடித்துத் திருகி எடுங்கள். எடுத்த பிறகும் வெளிச்சம் நடுங்கினால் கோளாறு டியூபில், முனை ஹோல்டரில் அல்லது மேலிருந்து வருகிற இணைப்பில்.

வேலூர் கொசப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டில் இதேதான் நடந்தது. பழைய மெத்தை வீடு, கட்டை அடித்து அதன்மேல் ஓடுகிற வயரிங், கூடத்துக்கு ஒரே டியூப்லைட். "இன்னாடா தம்பி, சீரியல் பாக்கச்சொல்லத்தான் இது ஆடிக்கினு கீது" என்று அவர் சொன்னதில் ஒரு தகவல் இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவே விளக்கும் ஃபேனும் ஏசியும் போட்டிருக்கிற நேரம் வோல்டேஜ் இறங்கும். 180 வாக்கில் போனால் சோக்கு செட் திணறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் வோல்டேஜ் மேல் பழியைப் போட்டிருந்தார்கள். ஆனால் ஸ்டார்ட்டரைக் கழற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்து அறை டியூப், அதே நேரம், அதே லைனில், அசையாமல் எரிந்தது. டியூபின் முனைகளும் கறுக்கவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வோல்டேஜும் இல்லை, டியூபும் இல்லை, இந்த ஒரு விளக்குக்கு வருகிற வழியில் எங்கேயோ லூசாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். மெயினை அணைத்துவிட்டு ஃபிட்டிங்கை இறக்கினால், பின்னால் காய்ந்துபோன ஒரு பல்லியோடு சேர்ந்து காரணமும் கிடைத்தது. கட்டை வயரிங்கில் வந்தது பழைய அலுமினிய வயர், ஃபிட்டிங்கிலிருந்து வந்தது செம்பு வயர். இரண்டையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், அந்த டேப் கறுத்து உருகி மிட்டாய்க் காகிதம் மாதிரி நொறுங்கியது. அலுமினியமும் செம்பும் நேராக முறுக்கினால் இப்படித்தான் ஆகும்: சூட்டில் இரண்டும் வேறு வேறு அளவில் விரியும், அலுமினியத்தின் மேல் ஒரு படலம் படியும், பிடி தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். இந்த முறுக்கின் மேல் பேட்டனை மாட்டியிருந்தால் அதுவும் நடுங்கியிருக்கும், அதோடு எல்.இ.டி.க்கு ஏற்ற மாதிரி கரண்டை மாற்றிக் கொடுக்க உள்ளே இருக்கிற டிரைவர் நிமிஷத்துக்கு நாலு தடவை அணைந்து எரிந்து சீக்கிரம் போயிருக்கும்.

சரி, வழி சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் எதை வாங்குவது என்ற கேள்வி. நாலு வழி இருக்கிறது. அதில் இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஸ்டார்ட்டர் மட்டும் மாற்றுவது பதினைந்து இருபது ரூபாய் வேலை. முதல் வகை மினுக்கலாக இருந்து, டியூப் முனைகள் வெள்ளையாகவே இருந்தால், மாதக் கடைசி என்றால் தாராளமாகச் செய்யலாம், தப்பில்லை. செய்யாமல் மட்டும் விடாதீர்கள். பிடிக்காமல் ராத்திரி முழுக்கத் தவிக்கிற டியூபில் சோக்கு வழியாக வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் ஓடும், சோக்கு கொதிக்கும், தார் வாசனை வரும். முனைகள் கறுத்திருந்தால் டியூபும் வாங்க வேண்டும், சோக்கும் ரீங்காரம் போட்டால் அதுவும் வாங்க வேண்டும். இந்த மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு பேட்டன் விலை வந்துவிடும். பழைய வகை நாலடி டியூபும் கடைகளில் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்தது எலெக்ட்ரானிக் சோக்கு. ஒரு காலத்தில் நல்ல மாற்று, ஸ்டார்ட்டர் வேண்டாம், சட்டென்று எரியும். ஆனால் இன்றைக்கு அதைப் போடுவது, போகப்போகிற டியூபுக்குப் புதுச் சட்டை தைப்பது. விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்: பழைய தகர ஃப்ரேமை அப்படியே வைத்துக்கொண்டு அதில் எல்.இ.டி. டியூபைச் செருகுவதா, ஃப்ரேம், சோக்கு, ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பேட்டன் மாட்டுவதா.

எல்.இ.டி. டியூப் பக்கம் இருக்கிற கவர்ச்சி சுவரில் துளை போட வேண்டாம் என்பதுதான். "ஸ்டார்ட்டரை எடுத்துட்டு அப்படியே மாட்டுங்க சார்" என்று கடையில் சொல்வார்கள். சில டியூபுக்கு அது சரி, சிலதுக்குச் சரியில்லை, வம்பே அங்கேதான். சந்தையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி வயரிங் கிடையாது. ஒரு வகையில் ஃபேஸ் ஒரு முனையிலும் நியூட்ரல் எதிர் முனையிலும் போகும். இந்த வகைக்கு ஸ்டார்ட்டரைக் கழற்றினாலே எரிந்துவிடும். இன்னொரு வகையில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு கம்பிகளில் போகும், எதிர் முனை வெறுமனே தாங்குவதற்கு, அந்த முனைக் கம்பிகள் உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கலாம். இதற்கு ஃப்ரேமின் வயரிங்கையே மாற்ற வேண்டும், அல்லது அதோடு கொடுக்கிற, ஸ்டார்ட்டர் வடிவில் இருக்கிற டம்மியைப் போட வேண்டும். ஒரே முனையில் இரண்டு வயரும் கொடுத்து மாற்றிய ஃப்ரேமில், டியூபைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் நேர் ஷார்ட், ஃப்யூஸ் போகும். அப்படி மாற்றிய ஃப்ரேமில் இரண்டு வருஷம் கழித்து வேறு யாரோ, விவரம் தெரியாமல், பரணில் கிடக்கிற பழைய டியூபை எடுத்து மாட்டினால் முனை இழைக்கு நேராக 230 வோல்ட் கிடைக்கும், டப்பென்று போய்விடும். வெளியே பார்த்தால் பழைய செட் மாதிரியேதான் இருக்கும், உள்ளே வேறு. எனக்கு இந்த வழி பிடிக்காமல் போனதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இரு முனை வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபேஸ் இருக்கிற பக்கத்தை முதலில் ஹோல்டரில் சொருகிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால், டியூப் வழியாகவே அந்த மறுமுனைக் கம்பிக்குக் கரண்ட் வர வாய்ப்பிருக்கிறது. எரிகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டுக்கொண்டே மாட்டுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை இதில் காட்டக் கூடாது.

சோக்கை விட்டுவைத்தால் கரண்ட் தின்னும் என்று சொல்வதில் மட்டும் கொஞ்சம் மிகை இருக்கிறது. பழைய டியூபோடு சேர்ந்திருக்கும்போது அது தின்னத்தான் செய்யும். டியூப் 36 அல்லது 40 வாட், சோக்கு தனியாக ஒரு 10 முதல் 15 வாட், மொத்தம் ஏறக்குறைய 50. ஆனால் 20 வாட் எல்.இ.டி. டியூப் இழுக்கிற கரண்ட், பழையது இழுத்ததில் நாலில் ஒரு பங்கு அளவுதான். சோக்கில் வீணாவது கரண்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இழப்பு ஒரு வாட் பக்கம் இறங்கிவிடும். ஆகவே சோக்கை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் கரண்ட் பில் இல்லை. இருபது வருஷம் சூடாகி ஆறிய ஒரு சுருளும், அதன் இரண்டு துருப்பிடித்த திருகு முனைகளும், தேவையில்லாமல் லைனின் நடுவில் நிற்கின்றன, அவ்வளவுதான். என்றைக்காவது உள் இன்சுலேஷன் போய் தகர ஃப்ரேமில் ஃபேஸ் இறங்கினால் ஷாக் அடிக்கும். நம் பழைய வீடுகளில் டியூப்லைட் பாயிண்டுக்கு எர்த் இழுத்திருப்பது அபூர்வம்.

இப்போது பேட்டன். நாலடி, 20 வாட், டிரைவர் உள்ளேயே, வெளியே வருவது இரண்டே வயர். உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தால் அதோடு சரி, அலுமினிய உடம்பாக இருந்தால் பச்சை வயர் ஒன்று கூடவே வரும், அதற்கு எர்த் கொடுக்க வேண்டும், எர்த் இல்லாத வீட்டுக்குப் பிளாஸ்டிக்கே வாங்குங்கள். நல்ல கம்பெனிப் பொருளே சுமார் 200 முதல் 350 ரூபாய்க்குள் கிடைக்கிறது, எல்.இ.டி. டியூபைவிடக் கொஞ்சம்தான் கூட. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வோல்டேஜ் வரம்பைப் படியுங்கள். 220-240 என்று மட்டும் போட்டிருப்பதை, குடியாத்தம் பக்கம் தறி ஓடுகிற தெருவுக்கோ, மோட்டார் ஓடினால் விளக்கு மங்குகிற கொல்லைக்கோ வாங்காதீர்கள். 140-300 மாதிரி அகலமான வரம்பு போட்டது அங்கே தாக்குப்பிடிக்கும். சர்ஜ் பாதுகாப்பு எத்தனை கிலோவோல்ட் என்றும் சிலதில் இருக்கும், கூட இருந்தால் நல்லது, கோடை மழையின் இடியில் போகிற டிரைவர்கள் அதிகம். பி.ஐ.எஸ். முத்திரையோடு R- என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை விலைக்காக எடுக்க வேண்டாம்.

பேட்டனிலும் குறை இல்லாமல் இல்லை. பழைய டியூப் சுற்றிலும் வெளிச்சம் விடும், கூரையும் சுவரும் சேர்ந்து பளிச்சென்று இருக்கும். பேட்டன் முன்பக்கம் மட்டும்தான் கொட்டும். கீழே வெளிச்சம் குறையாது, ஆனால் மேலே இருட்டு கட்டும், அறை கொஞ்சம் தாழ்ந்த மாதிரி தெரியும். சுவரில் மாட்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பெரியம்மா வீட்டில் டிவி இருக்கிற சுவருக்கு எதிர்ச் சுவரில், அவர் உட்காருகிற நாற்காலிக்கு மேலே மாட்டினோம், முகத்துக்கு எதிரே வராமல். நிறத்திலும் 6500 கெல்வின் என்கிற நீலம் கலந்த வெள்ளைக்குப் பதிலாக 4000 கெல்வின் கிடைத்தால் கேட்டு வாங்கலாம். அப்புறம், பேட்டன் கெட்டால் முழுசாகத்தான் போகும், ஸ்டார்ட்டர் மாற்றுகிற மாதிரி இருபது ரூபாயில் முடியாது. அதனால் பில்லை வைத்துக்கொள்ளுங்கள், பேட்டன் முதுகில் மாட்டிய தேதியை மார்க்கரில் எழுதிவிட்டால் வாரண்டி நினைவுக்கு வரும். நம்மூர் மே மாதச் சூட்டில் ஓட்டுக்கு அடியில், காற்றே இல்லாத பரண் இடுக்கில் மாட்டினால் டிரைவருக்குச் சீக்கிரம் வயசாகும்.

மிச்சம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 50 வாட் போய் 20 வாட் வந்தால் 30 வாட் மிச்சம். தினம் 6 மணி நேரம் எரிந்தால் 0.18 யூனிட், பில் போடுகிற இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 11 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 55 ரூபாய், பேட்டன் விலை ஒரு வருஷத்தில் திரும்பிவிடும். இலவச யூனிட்டுக்குள்ளேயே இருக்கிற சின்ன வீட்டுக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. 500 யூனிட் கோட்டைத் தொட்டுத் தொட்டு நிற்கிற வீட்டுக்கு மூன்று நாலு விளக்கு மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடுகிறது.

கழற்றும் வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், மெயினை அணையுங்கள், பழைய வீடு என்றால் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். மெயினை அணைத்த உடனே இன்வெர்ட்டர் "கரண்ட் போச்சு" என்று நினைத்து லைட் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும், டியூப்லைட் பாயிண்ட் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். மெயினை அணைப்பதற்கு முன்பே டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அப்புறம் டியூபைக் கால் சுற்று திருப்பி இறக்கி, ஸ்டார்ட்டரை எடுத்து, ஃப்ரேம் மூடியைத் திறந்தால் உள்ளே வயர்கள் பின்னிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், நமக்கு வேண்டியது சுவரிலிருந்து வருகிற இரண்டே வயர். சோக்குக்குப் போகிறது, ஸ்டார்ட்டர் ஹோல்டருக்குப் போகிறது, முனைகளுக்கு ஓடுகிறது எல்லாம் ஃப்ரேமோடு போகட்டும். அந்த இரண்டிலும் டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றி, ஃப்ரேமைத் திருகு எடுத்து இறக்கினால் சோக்கும் அதோடு வந்துவிடும். சோக்கு இருப்பதால் ஃப்ரேம் ஒரு பக்கம் கனக்கும், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது.

பேட்டன் கிளிப்புக்குப் பழைய துளை பொருந்தாது. சுண்ணாம்புச் சுவரில் டிரில் வைத்தால் துளை கிணறு மாதிரி அகலமாகும். பழைய மரக்கட்டை கெட்டியாக இருந்தால் ஒரு கிளிப்பை அதிலேயே முறுக்கிவிட்டு, மற்றொன்றுக்கு மட்டும் துளை போடுங்கள், பேட்டனைக் கிளிப்பில் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். சுவர் ரொம்பவே உதிர்கிறது, ஃப்ரேம் மட்டும் உறுதியாக நிற்கிறது என்றால், அந்த ஒரு நிலையில் எல்.இ.டி. டியூபுக்கு ஓட்டுப் போடுவேன்: சோக்கையும் ஸ்டார்ட்டர் ஹோல்டரையும் கழற்றி எடுத்துவிட்டு, இரு முனை வகை டியூபுக்கு ஃபேஸ் ஒரு பக்கம், நியூட்ரல் மறுபக்கம் நேராகக் கொடுத்து, "எல்.இ.டி. மட்டும்" என்று ஃப்ரேமில் எழுதி ஒட்டிவிட்டு.

வயரை இணைக்கும்போது முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, திருகு வைத்த பீங்கான் கனெக்டர் போடுங்கள், பத்து ரூபாய்தான். அலுமினிய வயர் என்றால் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, செம்பு வயரைத் தொடாதபடி தனித்தனித் திருகின் கீழ் பிடிக்க வேண்டும். ரொம்ப வளைக்கக் கூடாது, உடைந்துவிடும்.

எல்லாம் மாட்டி, கரண்ட் கொடுத்து, எரிகிறது என்றதும் முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். ராத்திரி சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பேட்டன் மங்கலாக மின்மினி மாதிரி எரிந்துகொண்டே இருந்தால் அதைப் பேட்டனின் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் விளக்கு வரை ஃபேஸ் வந்து நிற்கும், வயர்களுக்கு நடுவில் கசிகிற துளிக் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். சோக்கும் ஸ்டார்ட்டரும் இருந்த காலத்தில் அந்தத் துளியால் ஒன்றும் எரியாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. சுவிட்ச் போர்டில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு உள்ள சுவிட்ச் இருந்தாலும் இப்படி ஆகும். எது என்று தெரிய, சுவிட்ச் அணைந்த நிலையில் கனெக்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், நன்றாக எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருக்கிறது. கொசப்பேட்டை வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஃபிட்டிங்கில் கை வைத்திருந்தால் ஷாக் அடித்திருக்கும். இதைச் சரிசெய்ய போர்டைத் திறந்து ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்ற வேண்டும். கட்டை வயரிங் போர்டில் எது எங்கே போகிறது என்பது வெளியே தெரியாது, அதற்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இறக்கிய சோக்கையும் தகர ஃப்ரேமையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம், உள்ளே செம்புக் கம்பி என்றால் கொஞ்சம் கூடத் தருவார்கள். டியூபை மட்டும் உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. புது பேட்டன் வந்த அட்டைப்பெட்டியும் நாலடிதான், பழைய டியூப் அதில் போகிறதா பாருங்கள். போனால் அப்படியே வைத்து, தூய்மைப் பணியாளர் வரும்போது டியூப்லைட் என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.